நாடி சீரான பிறகும் அந்த மாத்திரை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பிபி உண்டு. இதயத் துடிப்பு தாளம் தப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோய் என்றார்கள். இப்போது படபடப்பு இல்லை, ஈசிஜியும் நார்மல். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதே பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்தது. உங்கள் வீட்டிலும் யாரோ பெரியவர் "எதுக்கு வீணா மாத்திரை" என்று ஆரம்பித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அம்மா குடியாத்தத்தில் இருக்கிறார். 71 வயது, சர்க்கரையும் பிபியும் உண்டு. ராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். நாடி பிடித்துப் பார்த்தால் தாளமே இல்லை. வேலூரில் ஈசிஜி, எக்கோ எடுத்துவிட்டு இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார்கள். மெட்டோப்ரோலால் துடிப்பின் வேகத்தைக் குறைக்க. அபிக்சபான் ரத்தம் உறையாமல் இருக்க. கொஞ்ச நாளில் படபடப்பு போய்விட்டது. உடனே அம்மா, "அதான் நல்லாயிடுச்சே, இன்னாத்துக்கு இன்னும் அந்த மாத்திரை?" என்றார். பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார்.

டாக்டர் வாதாடவில்லை. ஒருநாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டி, ஒரு நோட்டில் மணி போட்டு எழுதி வரச் சொன்னார். அம்மா ஒழுங்காக எழுதினார். மதியம் இரண்டு மணிக்கு நேராக "முறுக்கு சுட்டேன், ஒண்ணும் இல்ல" என்று இருந்தது. பதிவைப் பார்த்தால் அதே நேரத்தில் துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் தானாகவே சீராகிவிட்டது. அப்படிச் சீரான பிறகு ஒரு நிமிட ஈசிஜி எடுத்திருந்தால் நார்மல் என்றுதான் வந்திருக்கும்.

இதுதான் விஷயம். இந்த நோயில் இதயத்தின் மேல் அறை முழுதாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. இடது மேல் அறையை ஒட்டி ஒரு சின்னப் பை இருக்கிறது. அதில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. உறையாமல் தடுக்கும் மருந்து அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது. ஆஸ்பிரின் அந்த வேலையைச் செய்யாது.

யாருக்கு இந்த மருந்து என்று முடிவு செய்ய சாட்ஸ்-வாஸ்க் என்று ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதயம் பலவீனமாக இருந்தால் 1, பிபி 1, சர்க்கரை 1, ரத்தக்குழாய் அடைப்பு நோய் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75 ஆனால் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2, பெண் என்றால் 1. படபடப்பு உண்டா இல்லையா என்ற கேள்வியே அதில் கிடையாது. அம்மாவுக்கு 4 வந்தது. பெண்ணுக்கான 1-ஐ இப்போது சேர்ப்பதில்லை என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். சரி, கழித்தாலும் 3. உங்கள் அப்பாவுக்கு வயதுக்கு 1, பிபிக்கு 1, ஆக 2. ஆண்களுக்கு 2 வந்தாலே மருந்தை எடுக்கச் சொல்கிறார்கள். வயதும் பிபியும் படபடப்போடு சேர்ந்து போய்விடுவதில்லையே.

சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். மதிப்பெண் பார்க்காமல் மருந்து உண்டு, அதுவும் வார்ஃபரின் வகைதான். எக்கோ எடுப்பது இதற்காகவும்தான்.

ரத்தக்கசிவு பயம் நியாயமானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கூட்டும் காரணங்களில் பல நம் கையில் இருக்கின்றன. முழங்கால் வலிக்கு ஒரு மருந்துக்கடையில் சீட்டே கேட்காமல் அம்மாவுக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. இன்னொரு கோபம், உடம்பு சரியில்லை என்றால் ஆப்பிளோடு வந்து யோசனை சொல்லிவிட்டுப் போகிற சொந்தக்காரர்கள் மேல். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க அவர்களில் ஒருவரும் வந்ததில்லை.

அப்பாவின் மலம் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனையை டாக்டர் சொல்லும் இடைவெளியில் செய்துவிடுங்கள், மாத்திரையின் அளவை முடிவு செய்வதில் அதுவும் ஒன்று. அபிக்சபான் என்றால் ஒருநாள் விட்டாலே அதன் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். பல் பிடுங்குவதாக இருந்தாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.