கொக்கி வைப்பது யார்?

கேள்வி: வீட்டிலேயே தனி ஆளாக பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். வாரத்துக்கு 18 வரை வருகிறது. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு 11 மணியாகிறது. கணவர் 7 மணிக்கு வேலையிலிருந்து வருவார். எட்டாவது படிக்கும் மகள் வீட்டுப்பாடம் முடித்ததும் கொக்கியும் ஹெம்மிங்கும் செய்து தருவதால் ஓரளவு சமாளிக்கிறேன். ஆனாலும் தோள்வலி, எரிச்சல், சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாத அவமானம். ஓய்ந்து போகாமல் தொழிலை நடத்துவது எப்படி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் தனி ஆள் இல்லை. உங்கள் கடையில் சம்பளம் வாங்காத வேலைக்காரி ஒருத்தி இருக்கிறாள். கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் அவளைச் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள்.

லைனிங் வைத்த ஒரு பிளவுஸுக்குப் பழகிய கைக்கு வெட்ட அரை மணி நேரம், தைக்க ஒன்றே முக்கால் மணி நேரம், கொக்கி, ஹெம்மிங் என்ற கைவேலைக்கு 40 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 18 பிளவுஸ் என்றால் கைவேலை மட்டும் 12 மணி நேரம். அந்த 12 மணி நேரமும் உங்கள் மகளுடையது. அம்மாவுக்குப் பிள்ளை கூடமாட உதவுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பளம் இடுகிறோம், அவளும் உட்காரட்டும். ஆனால் வாடிக்கையாளருக்கு நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இரவில் கண் விழிப்பது உதவி ஆகாது. 7 மணிக்கு வீடு திரும்பும் உங்கள் கணவருக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா என்றும் கேட்டுவிடுகிறேன். தையல் கடைகளில் எத்தனையோ ஆண்கள் அதைத்தான் பிடித்துப் பிழைக்கிறார்கள்.

மகளின் கையை விலக்கிவிட்டுப் பார்த்தால் உங்களால் முடிவது வாரத்துக்கு 12. வெட்ட 6 மணி நேரம், தைக்க 21, கைவேலைக்கு 8, ஆக 35 மணி நேரம். அளவெடுப்பதும் ஆல்ட்ரேஷனும் இதற்கு மேல்தான். அதிலும் 10 பிளவுஸுக்கு மட்டும் முன்கூட்டித் தேதி கொடுத்து, இரண்டை அவசரத்துக்கு என்று காலியாக வையுங்கள். 12-ஐத் தாண்டினால் கைவேலையை அக்கம்பக்கத்தில் ஒரு பெண்ணிடம் பிளவுஸுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிட்டு, அந்தக் கூலியைத் தையற்கூலியில் சேருங்கள். இதுவரை உங்கள் விலை மலிவாக இருந்ததற்குக் காரணம் உங்கள் சாமர்த்தியம் இல்லை, மகளின் இரவுகள்.

இனி வேலையின் வரிசை. ஒரு பிளவுஸை எடுத்து, வெட்டி, தைத்து, கொக்கி வைத்து முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், கத்தரிக்கும் மிஷினுக்கும் ஊசிக்குமாக நாள் முழுவதும் அலைய வேண்டியிருக்கும். ஞாயிறு மாலை எல்லா லைனிங் துணிகளையும் சாயம் போகிறதா என்று பார்த்து, நிறம் பிரித்து நனைத்து உலர்த்திவிடுங்கள். நனைக்காத பருத்தி லைனிங் முதல் சலவையில் சுருங்கி, மேல்துணியையும் சேர்த்து இழுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். திங்களன்று இஸ்திரி போட்டு வெட்டுவது மட்டும். செவ்வாய் முதல் வியாழன் வரை, நாளுக்கு 7 மணி நேரம், நூலின் நிறம் பார்த்து அடுக்கித் தையுங்கள். சிவப்பு, மெரூன் எல்லாம் முடிந்த பிறகே பச்சைக்கு நூலும் பாபினும் மாற வேண்டும். வெள்ளி கைவேலை, சனி போட்டுப் பார்ப்பதும் கொடுப்பதும்.

இந்த முறைக்கு ஆபத்தும் உண்டு. மொத்தமாக வெட்டும்போது ஒருத்தியின் கை இன்னொருத்தியின் உடலோடு கலந்துவிடும். ஆகவே வெட்டியவுடன் அளவுச் சீட்டைக் குத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். புதிதாக வருபவர் நான்கு துணி கொடுத்தால் ஒன்றை மட்டும் தைத்துக் கொடுத்து, போட்டுக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு தவறு நான்காகிவிடும். அந்த வாரத்தில் தைக்க முடிவதற்கு மேல் ஒரு துணியையும் வெட்டாதீர்கள். வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

வேலை முடிந்ததும் ஓய்வு என்று இருந்தால் அது வரவே வராது. மதியம் 1.30 முதல் 3 மணி வரை படுக்க வேண்டும். இரவு 8 மணிக்கு மிஷினுக்கு உறை போட வேண்டும். அளவு கொடுக்க மாலை 4 முதல் 6 மணி வரை மட்டும் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் குறித்த நேரத்துக்குப் பிறகு தானாகவே பதில் போகும் வசதி இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். 8 மணிக்கு மேல் தைத்தால் என்ன என்று தோன்றினால், பிரித்துத் தைக்க நேரும் ஒவ்வொரு பிளவுஸும் எந்த நேரத்தில் தைத்தது என்று ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பாருங்கள். கை மாறித் தைத்ததும் அடர்நிறத் துணியில் தையல் கோணியதும் பெரும்பாலும் இரவுக் கணக்கில்தான் இருக்கும்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் துணிகளில் இந்த வாரத்துக்கு 12 போக மீதி 6 இருக்குமே, அவர்களுக்கு இன்றே போன் செய்து அடுத்த வாரத் தேதி சொல்லுங்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு துணியைத் திரும்பக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.