சிறிதானாலும் படிக்கப்படும் தம்ப்நெயில்: கேள்வி பதில்

கேள்வி: இணையக் கடையில் விற்கும் கறுப்பு ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு, தேடல் பட்டியலில் சிறிதாகத் தோன்றும் படமான தம்ப்நெயிலை 1200 × 1200 பிக்சலில் செய்தேன். பின்னணி கருநீலம், மேலே "நீர் புகாத ப்ளூடூத் ஸ்பீக்கர், 12 மணி நேரம் இயங்கும்" என்று 72 பிக்சலில் எழுதினேன். கணினியில் அழகாக இருக்கிறது, கைப்பேசியில் ஒன்றும் தெரியவில்லை. ஏன்?

தேடல் பட்டியலில் உங்கள் படம் ஏறத்தாழ 150 பிக்சல் அகலத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்போது 72 பிக்சல் எழுத்து 9 பிக்சலாகிவிடும். தமிழ் எழுத்துக்கு இது இன்னும் பெரிய சிக்கல். ஏனெனில் புள்ளி ஒரே பிக்சலாகி மங்கிவிடுவதால் "ர்" என்பது "ர" போலத் தெரியும். "ழு", "ணு" போன்றவற்றின் உட்சுழிகள் அடைபட்டுக் கறையாகும். எனவே வாசகத்தை "நீர் புகாது" என்ற இரு சொற்களாகக் குறைத்து, தடித்த எழுத்துருவில் 160 பிக்சலுக்கு உயர்த்துங்கள். சுருங்கினாலும் 20 பிக்சல் மிஞ்சும். பொருளின் பெயரும் மின்கல நேரமும் படத்தின் அருகிலேயே வரும் தலைப்பில் இருக்கட்டும்.

அடுத்தது பின்னணி. இரு நிறங்களின் வெளிச்ச வேறுபாட்டைக் காட்டுவது ஒளிர்வு விகிதம்; அது 1 என்றால் வேறுபாடே இல்லை. #000080 என்ற நிறக் குறியீடுள்ள கருநீலத்துக்கும் முழுக் கறுப்புக்கும் அது 1.3 மட்டுமே என்பதால், ஸ்பீக்கரின் விளிம்பு பின்னணியில் கரைந்துவிடுகிறது. அதே இடத்தில் #FFE066 என்ற வெளிர்மஞ்சளை வைத்தால் விகிதம் ஏறத்தாழ 16 ஆகிறது. எழுத்தைக் கருநீலத்தில் வைத்தாலும் 12 கிடைக்கும். படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை எழுத்துக்கு ஒதுக்கி, அங்கே வேறெதையும் வைக்காமல், கீழே ஸ்பீக்கரை 1000 பிக்சல் அகலத்துக்குப் பெரிதாக்கினால் பார்வை முதலில் பொருளின் மீதும் பிறகு சொல்லின் மீதும் விழும்.

கேள்வி: வண்ணங்கள் எதிரெதிராக இருந்தால் போதுமே! நான் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைக்கிறேன், பளிச்சென்று இருக்கிறது.

பளிச்சென்று இருப்பது உண்மைதான், ஆனால் அது படிப்பதற்கு உதவுவதில்லை. #FF0000 சிவப்புக்கும் #008000 பச்சைக்கும் இடையே உள்ள விகிதமும் ஏறத்தாழ 1.3 தான், அதாவது முதல் கேள்வியில் கண்ட கறுப்பும் கருநீலமும் போலவே. படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். எழுத்தும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்கும் அவற்றைப் பிரித்தறிவது கடினம். வலைத்தள அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 விகிதத்தைக் கேட்கின்றன. தம்ப்நெயிலுக்கு 7-க்குக் கீழே இறங்காதிருப்பது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: என் படமும் தெளிவாக இல்லை. 4000 பிக்சலில் பதிவேற்றினால் சரியாகுமா?

பொருளை உருப்பெருக்கிப் பார்க்கும்போது மங்கலாக இருந்தால் பெரிய கோப்பு உதவும். இங்கே பேசப்படுவது அதற்கு நேர்மாறானது. 4000 பிக்சல் படமும் பட்டியலில் அதே 150 பிக்சலுக்குத்தான் சுருங்குகிறது. எழுத்தின் அளவைப் படத்தின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கோப்பின் அளவைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நான் விற்பது வெள்ளைப் பீங்கான் கோப்பை. அமேசானில் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டுமாம், எழுத்தும் கூடாதாம். அப்படியானால் என்ன செய்வது?

அங்கே முதன்மைப் படத்துக்கு அந்த விதி பொருந்தும். எழுத்தைக் கூடுதல் படங்களுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பின்னணியை மாற்ற இயலாதபோது பொருளின் விளிம்பைத்தான் கருமையாக்க வேண்டும். படம் எடுக்கும்போது கோப்பையின் இருபுறமும், சட்டகத்துக்குச் சற்று வெளியே, கறுப்பு அட்டையை நிறுத்துங்கள்; பளபளப்பான பீங்கானில் அதன் பிரதிபலிப்பு ஒரு மெல்லிய கருங்கோடாக விழுந்து உருவத்தை வரையறுக்கும். மென்பொருளில் நிழல் சேர்ப்பதைவிட இது இயல்பாக இருக்கும். கைப்பிடி பக்கவாட்டில் முழுதும் தெரியட்டும், சிறிய அளவில் அந்த வளைவுதான் அது கோப்பை என்று சொல்லும்.

கேள்வி: எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டால் எந்தப் பின்னணியிலும் படிக்கலாமே?

ஓரளவுக்குச் சரி. 1200 பிக்சல் படத்தில் 8 பிக்சல் கோடு சுருங்கியபின் ஒரு பிக்சலாகிறது. அதைவிட மெல்லியது வெறும் மங்கலாகிவிடும். கோட்டைத் தடிப்பாக்கினாலோ உட்சுழிகள் மூடிக்கொள்ளும். ஒரே நிறப் பட்டையின் மீது எழுதுவதையே நான் விரும்புவேன், ஆனால் கோட்டை வைத்தே நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: பொருளைக் கையில் பிடித்த மனிதர் படத்தில் இருக்கலாமா?

முகம் இருந்தால் பார்வை முதலில் முகத்துக்கே போகும் என்பதால் பொருள் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படும். அதேசமயம் பொருளின் அளவை உணர்த்தக் கை மிகவும் உதவுகிறது. எது அதிகம் விற்கும் என்பதற்கு என்னிடம் பொது விடை இல்லை. இரண்டையும் 150 பிக்சலுக்குச் சுருக்கி, போட்டிப் பொருள்களின் படங்களுக்கு நடுவே ஒட்டிக் கைப்பேசியில் பாருங்கள். தள்ளுபடி முத்திரையும் விருப்பக் குறியும் பெரும்பாலும் மூலைகளில் வந்து அமர்வதால், சொல்லையோ பொருளின் முக்கியப் பகுதியையோ அங்கே வைக்காதீர்கள்.