நாவலுக்கு வரும் ராயல்டி: எந்தத் தலைப்பில் காட்டுவது, எதைக் கழிப்பது?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வருடச் சம்பளம் ரூ.11,80,000. பத்து வருடமாக நாவல் எழுதுகிறேன், ஐந்து புத்தகங்கள் வந்திருக்கின்றன. 2025-26-இல் என் பதிப்பகம் ரூ.1,20,000 ராயல்டி தந்தது, அதில் ரூ.12,000 டி.டி.எஸ். பிடித்தார்கள். மொழிபெயர்ப்பு உரிமைக்காக இன்னொரு பதிப்பகம் மொத்தமாக ரூ.40,000 தந்தது, அதற்குப் பிடித்தம் இல்லை. எல்லாவற்றையும் ‘இதர வருமானம்’ என்று போட்டுவிடலாம் என்கிறார் கணக்கு பார்ப்பவர். லேப்டாப், பயணம், தட்டச்சுச் செலவுகளைக் கழிக்க முடியாதா? சினிமாவுக்குப் பாட்டு எழுதும் என் தம்பிக்கும் இதே விதிதானா?

பதில்: உங்கள் ராயல்டி தொழில்முறை வருமானம்தான். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் இன்னொரு தொழில் செய்யக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்லவில்லை. பத்து வருடமாகத் தொடர்ந்து எழுதுகிறீர்கள், புத்தகங்கள் அடுத்தடுத்து வருகின்றன, ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்குகிறீர்கள். இந்தத் தொடர்ச்சியைத்தான் பார்ப்பார்கள். எப்போதோ ஒரே ஒரு புத்தகம் எழுதிவிட்டு விட்டவருக்கு வரும் பணம் இதர வருமானத்தில் போகலாம். எழுத்தாளர் இறந்த பிறகு வாரிசுக்கு வரும் ராயல்டியையும் பொதுவாக அங்கேதான் காட்டுவார்கள். பதிப்பகம் டி.டி.எஸ். பிடித்த பிரிவை வைத்துத் தலைப்பைத் தீர்மானிக்க முடியாது. அது பிடித்தத்துக்கான பிரிவு மட்டுமே.

தலைப்பு மாறினால் என்ன மாறும் என்று உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம். செலவுத் தொகைகளை நீங்கள் எழுதவில்லை என்பதால் நானே சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். நாவலின் களத்தைப் பார்க்கப் போய்வந்த பயணம், தங்கல் ரூ.18,000. தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் ரூ.12,000. ஆகஸ்டில் வாங்கிய லேப்டாப் ரூ.60,000. எழுதத் தேவைப்பட்ட புத்தகங்கள் ரூ.5,000.

முதல் இரண்டும், ஆக ரூ.30,000, எந்தத் தலைப்பில் காட்டினாலும் கழியும். அந்த வருமானத்துக்காகவே முழுக்கச் செய்த செலவு என்று காட்ட முடிந்தால் போதும். அந்த நாவல் இன்னும் வெளிவரவில்லையே என்ற கவலை வேண்டாம். செலவு செய்த வருடத்திலேயே வருமானம் வந்திருக்க வேண்டியதில்லை, நோக்கம் வருமானமாக இருந்தால் போதும் என்று இதர வருமானம் பற்றிய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 1978-இல் சொல்லிவிட்டது.

லேப்டாப்பிலும் புத்தகங்களிலும்தான் வித்தியாசம். இவை ஒரே வருடத்தில் தீர்ந்துபோகும் செலவு அல்ல, சொத்து. தொழில்முறை வருமானத்தில் இரண்டுக்கும் வருடத்துக்கு 40% தேய்மானம் உண்டு. லேப்டாப்புக்கு ரூ.24,000 வரும். ஆனால் வீட்டில் எல்லோரும் படம் பார்க்கும் லேப்டாப் என்றால் முழுவதையும் கழிக்காதீர்கள். முக்கால் பங்கு எழுத்துக்கு என்று வைத்தால் ரூ.18,000. புத்தகங்களுக்கு ரூ.2,000. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் இதில் பாதிதான் கிடைக்கும். மார்ச் கடைசியில் அவசரமாக லேப்டாப் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இதர வருமானத்தில் காட்டினால் இந்தத் தேய்மானமே கிடையாது.

ரூ.20,000-க்காக இவ்வளவு பேச்சா என்று தோன்றும். உங்கள் நிலைமையில் அது பெரிய தொகை. புதிய வரி முறையில் நிலையான கழிவு ரூ.75,000 போக உங்கள் சம்பளம் ரூ.11,05,000. வரிக்குரிய வருமானம் ரூ.12 லட்சம் வரை வரியே இல்லை. அதைக் கொஞ்சம் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று ஒரு சலுகை உண்டு. அதாவது ரூ.12 லட்சத்துக்கு மேலே வரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போகிறது, அதற்கு மேல் 4% செஸ்.

செலவே காட்டாவிட்டால் மொத்தம் ரூ.12,65,000. வரி ரூ.65,000, செஸ்ஸோடு ரூ.67,600. இதர வருமானமாகக் காட்டி ரூ.30,000 கழித்தால் ரூ.36,400. தொழில்முறையாகக் காட்டி ரூ.50,000 கழித்தால் ரூ.15,600. ஏற்கெனவே பிடித்த ரூ.12,000 போக நீங்கள் கட்ட வேண்டியது ரூ.3,600தான். டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்பதற்காக அந்த ரூ.40,000-ஐ விட்டுவிடக் கூடாது. ஒருவர் வருடத்தில் தரும் ராயல்டி ரூ.50,000-ஐத் தாண்டாததால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வரி அதற்கும் உண்டு.

இந்தக் கணக்கு ரூ.12 லட்சத்தின் விளிம்பில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் இவ்வளவு கூர்மையாக வரும். வருமானம் இன்னும் அதிகமாக இருந்தால் அவரவர் வரி விகிதத்துக்கு ஏற்ற மிச்சம்தான்.

எழுத்தாளர்களுக்கு ரூ.3 லட்சம் வரை ராயல்டிக்கு வரியே இல்லையாமே என்று யாராவது சொல்வார்கள். அது 80QQB பிரிவு. பழைய வரி முறையில் மட்டும்தான் கிடைக்கும். இலக்கிய, கலை, அறிவியல் நூல்களுக்கு உண்டு, பள்ளிப் பாடநூலுக்கும் கைடுக்கும் இல்லை. மொத்தமாகத் தராமல் விற்பனைக்கு ஏற்பத் தரும் ராயல்டி என்றால், விற்ற நூல்களின் மதிப்பில் 15% வரைதான் கணக்கில் சேரும். பதிப்பகத்திடம் Form 10CCD சான்று வாங்க வேண்டும், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். உங்களுக்கு இது லாபமில்லை. பழைய முறையில் ராயல்டி முழுவதும் கழிந்து, 80C-யில் ரூ.1.5 லட்சமும் கழித்தாலும், சம்பளத்துக்கு மட்டுமே செஸ்ஸோடு ரூ.1,12,840 வரி வரும். வீட்டுக் கடன் வட்டி, வாடகைப்படி எனப் பெரிய கழிவுகள் உள்ளவர்தான் அந்தப் பக்கம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அவரும் ஒன்றை யோசிக்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக Form 10-IEA போட வேண்டும். அப்புறம் புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. வெறும் சம்பளக்காரரைப் போல வருடாவருடம் மாற்றிக்கொள்ள வழியில்லை.

இனி நீங்கள் போட வேண்டியது ITR-3. ரசீதுகளை வைத்திருங்கள். பயணத்துக்கு டிக்கெட் மட்டும் போதாது. எந்த நாவலுக்காக, யாரைப் பார்க்கப் போனீர்கள் என்று ஒரு வரி குறித்து வையுங்கள், கேள்வி வந்தால் உதவும். தட்டச்சுக்காரருக்கு அந்த ரூ.12,000-ஐ ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கழிக்க முடியாது. ஒருவருக்கு ஒரு நாளில் ரொக்கம் ரூ.10,000-ஐத் தாண்டக் கூடாது. ஜி-பேயில் அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் உட்கார்ந்து எழுதிய நேரத்துக்கு நீங்களே கூலி போட்டுக் கழிப்பதும் நடக்காது, அப்படியும் சிலர் கேட்கிறார்கள்.

நான் சொன்ன பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2025-26 வருமானத்துக்கு அதுவே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்குப் புதிய சட்டம், அதில் எண்கள் மாறியிருக்கும்.

தம்பியின் கதை வேறு. சினிமாப் பாடலாசிரியர், பாடகர், இசையமைப்பாளர் ஆகியோர் ‘திரைப்படக் கலைஞர்’ என்ற வகையில் வருவதால் 44ADA பிரிவைப் பயன்படுத்தலாம். வருட வரவு ரூ.50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்கமாக வந்தது 5%-க்குள் என்றால் ரூ.75 லட்சம் வரை) அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவு ரசீது எதுவும் வேண்டாம். ரூ.8 லட்சம் வந்தால் ரூ.4 லட்சம்தான் வருமானம். ஆனால் அதற்கு மேல் தேய்மானம், பயணம் என்று எதையும் கழிக்க முடியாது. நாவலாசிரியர் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் உங்களுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. கச்சேரி மட்டும் செய்பவருக்கும், சினிமாவுக்கு வெளியே தனிப் பாடல் வெளியிடுகிறவருக்கும் இதே நிலைதான். அவர்கள் உங்களைப் போலச் செலவைக் கணக்குப் போட்டுத்தான் கழிக்க வேண்டும். 80QQB புத்தகத்துக்கு மட்டும் என்பதால் பாட்டு ராயல்டிக்கு அதுவும் கிடைக்காது.