கண்டாங்கி கலெக்‌ஷன்: டிசைனருக்கான மெயிலில் பணத்தை எப்படி எழுதுவது?

"காரைக்குடியில் பொட்டிக் வச்சிருக்கேன். தீபாவளிக்குக் கண்டாங்கியில 20 குர்த்தி வடிவமைச்சுத் தர உள்ளூர் டிசைனருக்கு மெயில் போடணும். பணத்தை எப்படி எழுதுறது?"

மொத்தமா ஒரே தொகை போடாதீங்க, பின்னாடி சண்டை வர்ற இடம் அதுதான். வடிவமைப்புக் கூலி, துணி, தையல்னு பிரிச்சு எழுதுங்க. துணி உங்க செலவுன்னா அளவையும் சொல்லிடுங்க. குர்த்திக்கு 2.5 மீட்டர்னா 20-க்கு 50 மீட்டர். ஆனா கைத்தறிப் பருத்தி முதல் நனைப்புல சுருங்கும். தையல்ல கட்டம் நேரா சேரவும் கொஞ்சம் வீணாகும். அதனால 56 மீட்டரா எடுங்க.

இந்த வரியை அப்படியே போடுங்க: "வெட்டும் முன் துணியை நனைத்து, சாயம் போகிறதா என்று பார்ப்பது தங்கள் பொறுப்பு." அரக்குச் சிவப்பு மஞ்சள்ல ஏறினா, தைச்ச பிறகு ஒண்ணும் செய்ய முடியாது.

கூலியில பாதி முன்பணம், மாதிரி பிடிச்சதும் கால் பங்கு, மீதி ஒப்படைக்கும்போது. மாதிரியில திருத்தம் ரெண்டு தடவைதான்னு எழுதிடுங்க.