பாதி விலை லேசர், போகலாமா?

“வண்ணார்பேட்டை கிளினிக்ல முகத்து முடிக்கு லேசர், 6 தடவைக்குப் பாதி விலைன்னு ஆன்லைன்ல பாத்தோம். தோழி இன்னைக்கே பணம் கட்டுவோம்ங்கா. எனக்குப் பயமா இருக்கு. போகலாமா?”

இன்று கட்ட வேண்டாம். முதலில் எந்த மெஷின் என்று கேளுங்கள். நம் மாநிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. சில இடங்களில் ஐபிஎல் என்னும் பளிச்சிடும் விளக்கையே லேசர் என்பார்கள். அந்த ஒளியை முடியின் கருமையோடு தோலின் கருமையும் இழுத்துக்கொள்ளும், சுட்டுவிடும். என் சித்தி மகளுக்குத் தாடையில் கட்டம் கட்டமாகக் கறுத்து, மறைய எட்டு மாதம் ஆயிற்று.

மெஷின் சரி என்றால், தோல் டாக்டர் முன்னால் காதோரம் சிறு இடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில நாளில் கொப்புளமோ, சில வாரத்தில் கறுப்போ வந்தால் விட்டுவிடுங்கள். அப்படிப் போட்டுப் பார்க்க கிளினிக்கில் மறுத்தால் தோழியைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால் பிசிஓடி என்ற ஹார்மோன் கோளாறு இருக்கலாம். அதைப் பார்க்காமல் லேசர் போட்டால் முடி திரும்ப வரும்.