அண்ணனை 'டா' போட்டால் போதும்

கேள்வி: ஆங்கில நாடகம் ஒன்றை மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பக் கதையாக மாற்றி எழுதுகிறேன். 'பாஸ்டர்ட்' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. அகராதியில் இருந்த தமிழ்ச் சொல்லைப் போட்டதும் ஒத்திகையில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். என்ன போடலாம்?

பதில்: அகராதிச் சொல் பெற்ற தாயைத் தொடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேர்ப்பொருள் பெரும்பாலும் தேய்ந்துபோய்விட்டது. ஆஸ்திரேலியாவில் நண்பர்களே ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொள்வதுண்டு. நம் ஊரிலோ தாயை இழுத்தால் பேச்சு அதோடு நின்று கை ஓங்கிவிடும்.

அதனால் சொல்லை விட்டுவிட்டு, அடுத்த வசனத்தைப் பாருங்கள். கேட்டவன் சிரிக்கிறானா, பேச்சைத் தொடர்கிறானா, அடிக்க வருகிறானா? அந்தச் சொல்லின் எடை அங்கேதான் தெரியும்.

நண்பனுக்கு நல்ல விலைக்கு நிலம் கிடைத்ததைச் சொல்கிற மாதிரி இடமென்றால் "மச்சக்காரப் பய" போதும். அடிபட்டுக் கிடப்பவனைப் பற்றிய பரிதாபமானால் "பாவம், பய". வசையே வேண்டாம்.

கோபத்தில் சொல்வதுதான் சிக்கல். உங்கள் கதையில் வாய்க்கால் மடையில் அண்ணனும் தம்பியும் மோதுவதாக வைத்துக்கொள்வோம். இன்று தம்பியின் தண்ணீர் முறை. அண்ணன் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைக்கிறார். இங்கே தாயைத் தொடும் வசை பொருந்தவே பொருந்தாது, இருவருக்கும் ஒரே தாய்தானே! 'நாயே' என்று போடலாம், ஆனால் தமிழில் அது ஆங்கில நாயைவிடப் பல மடங்கு கனம். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு வெறுமனே திரும்பி நடந்தால் நம்ப முடியாது.

நான் இப்படி எழுதுவேன்: "மடையத் தொறந்து விட்டுட்டுப் போடா." ஆங்கிலத்தில் இல்லாத ஆயுதம் இது. இத்தனை நேரம் "ஏண்ணே", "வாங்கண்ணே" என்றவன் திடீரென்று 'டா' போடுவது கெட்ட வார்த்தை எதுவும் இல்லாமலேயே அந்த உறவை முறித்துவிடும்.

அப்புறம், மூல நாடகம் எந்த வருடத்தது என்று பாருங்கள். 1914இல் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் லண்டனில் மேடையேறியபோது 'பிளடி' என்ற ஒரு சொல்லே பெரிய பரபரப்பானது. இன்று அங்கே அது சாதாரணச் சொல். நாடகம் பழையதென்றால் சொல்லுக்கு இன்னும் கூடுதல் கனம் கொடுங்கள்.

ஒத்திகையில் 'போடா'வுக்குச் சிரிப்பு வந்தால் சொல்லை மாற்றாதீர்கள். முந்தைய காட்சிகளைப் புரட்டிப் பாருங்கள், தம்பி எங்கேயோ ஏற்கெனவே அண்ணனை ஒருமையில் பேசியிருப்பான். அதைத் திருத்திவிட்டு மறுபடி நடித்துப் பாருங்கள்.