முப்பது ஆண்டும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

கேள்வி: என் பெற்றோரின் 30-ஆவது திருமண நாளுக்கு வாழ்த்து அட்டையில் எழுத இந்த நான்கு வரிகளை எழுதினேன்.

இன்பம் பொங்க வாழ்கவே
இல்லறம் சிறக்க வாழ்கவே
அன்பு பெருக வாழ்கவே
ஆண்டு நூறு வாழ்கவே

எதுகை, மோனை எல்லாம் இருக்கின்றன. ஆனால் எங்கோ படித்தது போலவே இருக்கிறது. அவர்கள் மிகச் சாதாரணமானவர்கள். அப்பா படித்துக்கொண்டே தூங்கிவிடுவார். அம்மாதான் அவருடைய கண்ணாடியைக் கழற்றி வைத்து விளக்கை அணைப்பார். இதைத் தவிரச் சொல்லும்படியாகப் பெரிதாக ஒன்றுமில்லை. எப்படித்தான் புதிதாக எழுதுவது?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் பாட்டு உங்கள் பாட்டில் இல்லை, அம்மா. "பெரிதாக ஒன்றுமில்லை" என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட வாக்கியத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் படித்த இடத்தில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேலே இருந்த நான்கு வரிகளில் ஒரு முறைகூட நின்றதில்லை.

முதலில் அந்த நான்கு வரிகளுக்கு ஒரு சோதனை. மூன்றாம் வரியை முதலில் வையுங்கள், இரண்டாவதைக் கடைசியில் வையுங்கள். எதுவும் மாறவில்லை. எந்த வரியை எங்கே வைத்தாலும் மாறாத பாட்டில் எதுவும் நடக்கவில்லை என்று பொருள். இன்னொரு சோதனையும் உண்டு: உங்கள் பெற்றோரை எடுத்துவிட்டு, அடுத்த வீட்டுத் தம்பதியை வையுங்கள். அவர்களுக்கும் பொருந்துகிறது. வாழ்த்தைப் பெறுகிறவர் அதைக் கையில் வாங்கும்போதே கண்டுகொள்வது இதைத்தான். இது எனக்காக எழுதியதா, கிடைத்ததை எடுத்து அனுப்பியதா என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஓசையில் உங்களிடம் தவறில்லை. 'இன்பம்', 'அன்பு' இரண்டிலும் இரண்டாம் எழுத்து ன்; எதுகை சரியாக விழுந்திருக்கிறது. மோனையும் சரி. பிழை வரியின் வாலில் இருக்கிறது. 'வாழ்கவே' என்று நான்கு முறை முடிப்பதை இலக்கணம் இயைபு என்று ஏற்றுக்கொள்ளும், காது ஏற்றுக்கொள்ளாது. நம் மொழியில் வினைச்சொற்கள் எல்லாம் ஒரே மாதிரி முடிகிறவை. வாழ்கிறார், சிரிக்கிறார், நடக்கிறார் என்று நூறு வரிகளை ஒரு மூச்சில் எழுதிவிடலாம். விகுதி தானாகக் கொடுக்கிற ஒலியில் தேடல் இல்லை, ஆகவே அதைக் கேட்பவருக்கு வியப்பும் இல்லை. பழசாக ஒலிப்பதற்கு முதல் காரணம் இதுதான், 'இல்லறம்', 'இன்பம்' என்ற சொற்கள்கூட இரண்டாவதுதான்.

வரிக்கடைசியில் ஒலி ஒத்துவர வேண்டுமென்றால் இரண்டு வேறு இனச் சொற்களை இணையுங்கள். ஒன்று எண்ணாக இருக்கட்டும், மற்றொன்று வினையடியாகப் பிறந்த சொல்லாக இருக்கட்டும். உங்களிடம் ஓர் எண் தயாராக இருக்கிறது: முப்பது. 'ப்பது' என்று முடிகிற சொற்களைத் தேடிப் பாருங்கள்: பார்ப்பது, சிரிப்பது, இருப்பது. இவற்றில் 'இருப்பது' எனக்குப் பிடித்தது. உடன் இருப்பதும் உயிரோடு இருப்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். திருமண நாளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

ஆனால் நான் முதலில் போனது அந்த வழியில் அல்ல. உங்கள் கடிதத்தில் விளக்கு இருக்கிறதே, அதற்குக் 'கணக்கு' அழகாகச் சேருகிறதே என்று ஆசைப்பட்டு, "முப்பது ஆண்டுக் கணக்கு, அம்மா அணைக்கும் விளக்கு" என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் பெயர்ச்சொற்கள்தாம் என்றாலும் ஓசை இனிக்கிறது. ஆனால் இதை அட்டையில் எழுதவே கூடாது. வாழ்த்தில் விளக்கு அணையலாகாது. மங்கலச் சொல்லால் பாட்டைத் தொடங்க வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் விதித்ததை நாம் இன்று மறந்திருக்கலாம், காது மறக்கவில்லை. 'அணைந்தது', 'முடிந்தது', 'தீர்ந்தது', 'கழிந்தது' எல்லாம் அன்போடு எழுதினாலும் படிப்பவரை ஒரு கணம் நெருடும். "முப்பது ஆண்டுகள் முடிந்தன" என்பது கணக்கில் சரி, வாழ்த்தில் தவறு. எனவே விளக்கை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான்கு வரிக்கு ஒரு பொருள் போதும். இரண்டை வைத்தால் இரண்டுமே மங்கிவிடும்.

இனி முதல் இரண்டு வரிகள். நடந்ததை நடந்தபடி சொன்னால் 'படித்தபடி' என்ற சொல் தானாக வருகிறது. இரண்டாம் எழுத்து டி. அதே எழுத்தை இரண்டாம் இடத்தில் வைத்து அடுத்த வரி தொடங்க வேண்டும்: பிடித்த, மடித்த, முடித்த, விடிந்த. மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடி என்ன செய்கிறது? மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சொல் கிடைத்துவிட்டது. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'பட்டு' என்பதற்குக் 'கட்டு' எதுகை, 'பாட்டு' எதுகையாகாது. எதுகை இருக்கிறது என்று எண்ணி எனக்கு வருகிற பாட்டுகளில் நான் அதிகம் காணும் தவறு இதுதான்.

எழுதி அடித்து எழுதிய பிறகு நின்ற வடிவம் இது:

படித்தபடி உறங்கிவிட்ட அப்பாவின் மூக்கைப்
பிடித்திருந்த கண்ணாடி அம்மாவின் கையில்;
எண்ணாமல் நடந்ததிது ஆண்டு முப்பது;
கண்ணாரக் காண்பதற்கே நாங்கள் இருப்பது!

வரிக்கு நான்கு சீர். முதல் இரண்டு வரிகளிலும் மூன்று நீண்ட சீர்களுக்குப் பிறகு ஒரு குறுகிய சீர் வந்து நிற்கிறது. அடுத்த இரண்டில் நடை சற்று மாறுகிறது. ஆனால் அந்த இரண்டும் தமக்குள் ஒரே நடை. வாய்விட்டுப் படித்தால் எங்கும் நாக்கு இடறாது. முதல் இரண்டு வரிகளின் கடைசியில் ஒலி ஒத்துவரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை நான் வேண்டுமென்றே விட்டேன். 'படித்த', 'பிடித்த' என்று தலையில் ஒலி கிடைத்துவிட்ட பிறகு வாலிலும் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், கடைசியில் ஏதோ ஓர் அசைச்சொல்லை ஒட்டவைக்க வேண்டியிருக்கும். வாலில் வரும் ஒலியைக் கடைசி இரண்டு வரிகளுக்காகச் சேமித்து வைத்தேன். அங்கே தலையில் 'எண்ணா', 'கண்ணா'. வாலில் 'முப்பது', 'இருப்பது'. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒலிப்பதால்தான் பாட்டு முடிந்தது போல் காதுக்குத் தோன்றுகிறது. 'கண்ணார', 'காண்பதற்கே' என்ற மோனை நான் தேடாமல் கிடைத்தது. மற்ற வரிகளில் அது இல்லாததற்கு நான் வருந்தவில்லை.

நான்காம் வரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வாழ்த்துகள் விழுவது அங்கேதான். மூன்று வரி நன்றாக எழுதிவிட்டு, வாழ்த்தாமல் முடிக்கலாமா என்ற அச்சத்தில் "பல்லாண்டு வாழ்கவென்று" என்று கடைசியில் சேர்த்துவிடுகிறார்கள். கண்ணாடி சட்டென்று மறைந்து, பழைய அட்டை திரும்பி வந்துவிடுகிறது. என் முதல் வரைவிலும் அந்த வரி இருந்தது, அடித்துவிட்டேன். பெற்றோருக்குப் பிள்ளைகள் எழுதும்போது இன்னொரு தேய்ந்த வாசல் உண்டு: "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்." அதையும் தொடாதீர்கள். 'வாழ்க' என்ற சொல் இல்லாமலே வாழ்த்து வரும். "இதை இன்னும் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்" என்று பிள்ளைகள் சொன்னால், நீடூழி வாழ வேண்டும் என்ற ஆசை அதற்குள் இருக்கிறது. அதைச் சொல்வது யார் என்பதும் தெளிவாக இருக்கிறது.

'எண்ணாமல்' என்ற சொல்லையும் மாற்றிவிடாதீர்கள். ஆண்டுகளை அவர்கள் எண்ணவில்லை, கண்ணாடியை எத்தனை முறை கழற்றினோம் என்று அம்மா எண்ணவில்லை. இரண்டு பொருளும் அதில் நிற்கின்றன.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்கள் எண்ணை மட்டும் மாற்றி இதை எடுத்துக்கொள்ள நினைத்தால், நடக்காது. 25 ஆண்டு என்றால் வரி 'இருபத்தைந்து' என்று முடியும். அதற்கு 'நனைந்து', 'நுழைந்து' போன்ற சொற்கள்தாம் சேரும், நான்காம் வரி முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். நாற்பதுக்குப் 'பார்ப்பது' பொருந்தும். எழுத்தில் ற், ர் வேறானாலும் காதுக்கு நெருங்கியே ஒலிக்கும். ஆனால் அதைவிட முக்கியம், உங்கள் வீட்டில் அந்தக் கண்ணாடி இல்லை. அந்த இருவருக்கிடையே நாள்தோறும் நடக்கிற, அவர்களே கவனிக்காத வேறு ஒரு செயல் இருக்கும். அதைத் தேடுங்கள். தேர்ந்தெடுப்பதிலும் ஓர் எல்லை உண்டு: அட்டையை வேறொருவர் எடுத்துப் படித்தாலும் இருவரும் சிரிக்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். உறங்கிப்போவதைப் பாடலாம்; குறட்டையைப் பாட வேண்டாம்.

வாசகிக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அட்டையில் எழுதுவதற்கு முன் வெள்ளைத்தாளில் அதே அகலத்துக்கு ஒரு கோடு போட்டு எழுதிப் பாருங்கள். முதல் வரி நீளமானது. அட்டையில் இடம் போதாமல் 'மூக்கைப்' என்ற சொல் கீழே இறங்கிவிட்டால், இரண்டாம் வரி 'மூக்கை' என்று தொடங்குவது போல் தோன்றும். படித்த, பிடித்த என்ற எதுகை கண்ணிலிருந்தே மறைந்துவிடும். எதுகை வரியின் தலையில் வாழ்வது. ஆகவே எழுத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது அட்டையைக் குறுக்குவாட்டில் திருப்பி எழுதுங்கள். மேலே பெயர், கீழே உங்கள் கையெழுத்து, தேதி. அப்பாவிடம் கொடுக்கும்போது கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்த்துக் கொடுங்கள்.